ஐந்து வார விடுப்பைப் பரிந்துரைக் கடிதத்தில் எழுதலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். என் மாணவி ஒருத்தி, விடுதியில் தங்கிப் படிக்கும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கிறாள். வகுப்பாசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். இதுவரை நன்னடத்தைச் சான்றிதழ்தான் எழுதிப் பழக்கம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஐந்து வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை, மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. அதை எழுதினால் வாய்ப்புக் கெட்டுவிடுமா? வேறு என்னதான் எழுதுவது?

பதில்: எழுதுங்கள் டீச்சர். நீங்கள் எழுதாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். காலாண்டில் கணக்கில் 74, அரையாண்டில் 58 என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள். அந்த இரண்டு எண்களும் விண்ணப்பத்தோடு போகும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கின்றன. உறைவிடப் பள்ளி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு சரிவைப் பார்த்தால் அடுத்து கை போவது வகுப்பாசிரியரின் கடிதத்துக்குத்தான். அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்றால், காரணத்தை நாங்களாகவே ஊகிக்க ஆரம்பிப்போம். படிப்பில் ஆர்வம் போய்விட்டதோ, வீட்டில் ஏதாவது பிரச்சினையோ, உடம்பு சரியில்லையோ என்று மூன்று பேர் மூன்று விதமாக நினைப்பார்கள். எந்த ஊகமும் பிள்ளைக்கு நல்லது செய்யாது.

ஆனால் விடுப்பை எழுதும்போது காரணத்தோடு நின்றுவிடாதீர்கள். காரணத்துக்கு ஒரு வரி போதும். திரும்பி வந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பதற்கு ஒரு பத்தி கொடுங்கள். விடுதியில் சேர்ப்பவர்கள் அறிய நினைப்பது அதைத்தான். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் விட்டுப்போனால் அம்மாவோ அப்பாவோ அக்காவோ கேட்பார்கள். விடுதியில் மாலைப் படிப்பு நேரத்தில் ஒரு கண்காணிப்பாளர் அறுபது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதை முதலில் படிப்பது, எதில் பின்தங்கியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். அது உங்கள் மாணவிக்கு வருமா வராதா என்பதற்கு அந்த ஐந்து வாரத்தைவிடச் சிறந்த சான்று உங்களிடம் வேறு இல்லை.

நாம் பேசியபோது நீங்கள் முதலில் சொன்னது "ரொம்பப் பொறுப்பான பிள்ளை" என்பது. திரும்பி வந்த முதல் நாள் என்ன செய்தாள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள் என்றீர்கள். விட்டுப்போன பதினொரு பாடங்களையும் தோழிகளிடம் கேட்டு அதில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்க எதிரே தேதி போட்டாள். கணக்கில் இரண்டு பாடம் மட்டும் தானாகப் புரியவில்லை என்று மதிய இடைவேளையில் உங்களிடம் வந்தாள். டீச்சர், அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். "பொறுப்பான பிள்ளை" என்ற சொல்லே கடிதத்தில் வர வேண்டியதில்லை. படிக்கிறவர்கள் அதைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள்.

நன்னடத்தைச் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். சான்றிதழ், குற்றம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்கிறது. "ஒழுக்கம், பணிவு, நேரந்தவறாமை ஆகிய பண்புகள் நிறைந்தவர்" என்ற வரியைப் பெயரை மாற்றி வகுப்பில் நாற்பது பேருக்கும் போடலாம், பலர் போடவும் செய்கிறார்கள். ஒரே பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகள் விண்ணப்பித்து, மூன்று கடிதமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பையனுடைய கடிதத்தில் நடுவில் "இம்மாணவி" என்று இருந்தது. அந்தப் பையன் நல்ல பையனாகவே இருந்திருப்பான். ஆனால் அவனைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

சரி, உங்கள் மாணவிக்கு அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்:

"குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டதால், அரையாண்டுத் தேர்வுக்கு முன் இம்மாணவி 23 வேலை நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. திரும்பி வந்த அன்றே, விட்டுப்போன பதினொரு பாடங்களின் பட்டியலைத் தாமே தயாரித்துக் கொண்டுவந்தார். ஒன்பது பாடங்களைத் தோழிகளின் குறிப்புகளை வைத்துத் தாமாகவே படித்து முடித்தார். மீதமிருந்த இரண்டு கணக்குப் பாடங்களுக்கு மதிய இடைவேளையில் என்னிடம் வந்தார். மூன்று வாரங்களில் வந்த அரையாண்டுத் தேர்வுக்குள் எல்லாவற்றையும் முடிக்க இயலவில்லை. கணக்கில் 74ஆக இருந்த மதிப்பெண் 58 ஆனது. முதல் திருப்புதல் தேர்வில் 71 பெற்றார்."

இதில் "முடிக்க இயலவில்லை" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். இறங்கியதையும் சொல்லி ஏறியதையும் சொல்லும்போதுதான் 71க்கு மதிப்பு வருகிறது. அம்மாவின் நோய், சிகிச்சையின் பெயர் எதுவும் வேண்டாம். "குடும்பத்தில் ஒருவருக்கு" என்று எழுதுவதற்குக்கூட அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் "தவிர்க்க முடியாத குடும்பச் சூழல்" என்று எழுதினால் போதும், மீதிப் பத்தி அப்படியே நிற்கும். வீட்டின் வறுமையைச் சொல்லி இரக்கம் கேட்பதும் வேண்டாம். கட்டணச் சலுகைக்கு வருமானச் சான்று தனியாகப் போகும். இந்தக் கடிதத்தில் அது வந்தால், பிள்ளை அங்கே போய்ச் சேரும் முன்பே அவள்மீது ஒரு முத்திரை விழுந்துவிடும்.

அடுத்தது விடுதி வாழ்க்கை. இங்கேதான் நல்ல ஆசிரியர்களும் தவறுகிறார்கள். "விடுதிச் சூழலுக்கு எளிதில் பழகிக்கொள்வார்" என்று எழுதிவிடுகிறார்கள். அவள் வீட்டை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியதைக்கூட நீங்கள் பார்த்ததில்லை, அப்புறம் எப்படி உறுதி சொல்வது? பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு கருவி என்றால் அவள் எப்படி நடந்துகொள்கிறாள்? குழுவாகச் செய்த வேலையில் சண்டை வந்தபோது என்ன செய்தாள்? எல்லோர் முன்னாலும் திருத்தினால் முகம் சுண்டிப்போகிறதா, மறுநாள் திருத்திக்கொண்டு வருகிறாளா? ஓர் அறையில் பலரோடு தங்கப்போகிற பிள்ளையைப் பற்றி விடுதிக் காப்பாளர் கேட்கிற கேள்விகள் இவைதான். இவற்றில் ஒன்றுக்கு நீங்கள் கண்ணால் பார்த்த பதில் இருந்தால் அதை மூன்று வரியில் எழுதிவிட்டு, "வீட்டை விட்டுத் தங்கியதை நான் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை" என்று சேருங்கள். அந்த ஒப்புதல் கடிதத்தைப் பலவீனமாக்கும் என்று பயப்பட வேண்டாம். இவர் பார்த்ததைத்தான் எழுதுகிறார் என்ற நம்பிக்கை அதில்தான் பிறக்கிறது.

குறை ஒன்றைச் சொல்லும்படி படிவத்திலேயே கேட்டிருப்பார்கள், பெரும்பாலும். "அளவுக்கு மீறி உழைக்கிறார்" என்பது குறையே இல்லை, அதை எத்தனையோ கடிதங்களில் படித்தாயிற்று. உங்கள் மாணவி வகுப்பில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்பதில்லை, தனியாக வந்துதான் கேட்பாள் என்றீர்களே, அதை எழுதுங்கள். கூடவே அதற்கு நீங்கள் கண்ட வழியையும் எழுதுங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் தயங்காமல் பேசுகிறாள், பாடம் முடிந்தபின் ஐந்து நிமிடம் கொடுத்தால் தானாக வருகிறாள். புதிய இடத்தில் அவளுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் முதல் வாரத்திலேயே பயன்படுத்தக்கூடிய குறிப்பு அது. தேர்வில் இடம் கிடைப்பதற்கு மட்டுமல்ல, சேர்ந்தபின் அவள் ஒரு மூலையில் காணாமல் போகாமல் இருப்பதற்கும் உதவும்.

ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்ற உடல்நல விவரம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதில் எழுதாதீர்கள். அதற்கு மருத்துவப் படிவம் இருக்கும், பெற்றோர் நிரப்புவார்கள். சாதி, மதமும் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

தொடக்கம் எளிமையாக இருக்கட்டும். அவளை எத்தனை ஆண்டாகத் தெரியும், எந்தப் பாடம் எடுக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை பார்க்கிறீர்கள் என்று இரண்டு வரி. பிறகு வகுப்பில் அவளுடைய இடம். முதல் மாணவி இல்லை என்றால் அப்படிக் காட்ட முயலாதீர்கள். "42 பேரில் மதிப்பெண்ணில் பத்து, பன்னிரண்டாம் இடத்தில் இருப்பவர், தானாகப் படிப்பதில் முதல் மூவரில் ஒருவர்" என்பது உண்மையாக இருந்தால் அதைவிட நல்ல வரி கிடைக்காது. நான் பார்த்ததிலேயே சிறந்த மாணவி என்று அதே ஆண்டில் இன்னொரு பிள்ளைக்கும் எழுதியிருந்தால் இரண்டு கடிதமும் வீணாகும், ஏனென்றால் இரண்டும் ஒரே மேசைக்கு வரலாம்.

எந்த மொழியில் எழுதுவது என்று படிவம் சொல்லவில்லை என்றால், உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் எழுதுங்கள். ஆங்கிலம்தான் வேண்டும் என்றால் முதலில் தமிழில் முழுவதும் எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கம் மொழிமாற்றத்தில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவியையே ஒரு வரைவு எழுதிவரச் சொல்வது வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை தன்னைப் புகழ்ந்து எழுதத் தெரியாமல் எங்கிருந்தோ நகலெடுத்து வரும். அவளிடம் கேட்க வேண்டியது இறுதித் தேதி, விண்ணப்ப எண், எந்தப் பாடப்பிரிவு என்ற மூன்றும்தான்.

மொத்தம் ஒரு பக்கம் போதும். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியும் விண்ணப்ப எண்ணும் இட்டு, கையொப்பத்துக்குக் கீழே உங்கள் பெயர், பதவி, பள்ளியின் தொலைபேசி எண் எழுதுங்கள். தலைமையாசிரியரின் ஒப்பமும் முத்திரையும் தேவையா என்று படிவத்தில் பாருங்கள். தேவை என்றால் அவர் விடுப்பில் போகும் முன் வாங்கிவிடுங்கள், கடைசி நாளில் கடிதங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். இணையத்தில் நிரப்புவதாக இருந்தால், வேறு இடத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். பாதியில் பக்கம் மூடிக்கொண்டால் எழுதியது போய்விடும். மூடிய உறையில் கேட்டிருந்தால், ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்கே கையொப்பம் போட்டு, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அந்தப் பள்ளியிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரலாம், அந்த நோட்டைப் பற்றித்தான் கேட்பார்கள்.