ஆறு ஓவரில் ஆல் அவுட், கணக்கில் பத்து ஓவரா?

கேள்வி: சம்பா அறுவடை முடிந்த வயலில் பத்து ஓவர் டோர்னமென்ட். எங்களுக்கும் பக்கத்து ஊர் டீமுக்கும் தலா 4 புள்ளி. அவர்கள் ரன் ரேட் +0.150, எங்களுக்கு −0.190 என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். தோற்ற மேட்சில் நாங்கள் ஆறு ஓவரில் 48-க்கு ஆல் அவுட். ஸ்கோரர் பத்து ஓவர் என்று எழுதியிருக்கிறார். இது சரியா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஸ்கோரர் எழுதியது சரிதான் தம்பி. ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவரை எடுக்க மாட்டார்கள், முழு ஒதுக்கீட்டையும் எடுப்பார்கள். இல்லையென்றால் நான்கே ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி 40-க்குச் சுருண்ட டீமுக்கு ஓவருக்கு 10 ரன் என்று கணக்கு வந்துவிடும். விக்கெட்டை இழந்ததற்கு விலையே இருக்காது.

நீங்கள் அனுப்பிய ஸ்கோர்களைப் போட்டுப் பார்த்தேன். அடித்தது 80, 72, 48. ஆக 200. ஓவர் 10, சேஸ் செய்து முடித்த 8, ஆல் அவுட் ஆன 10. ஆக 28. வகுத்தால் 7.143. கொடுத்தது 60, 70, 90. 30 ஓவரில் 220, அதாவது 7.333. கழித்தால் −0.190. ஆறு ஓவர் என்றே எடுத்திருந்தால் +1.000 வந்திருக்கும். உங்கள் ஆதங்கம் புரிகிறது. மேட்ச் வாரியாக ரேட் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள்; எல்லா மேட்ச் ரன்னையும் ஓவரையும் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

நழுவியது எங்கே என்று பாருங்கள். தாளில் பட்டுத் தாழ்ந்து வரும் பந்தில் சேஸிங் கஷ்டம்தான். ஆனால் அந்த 90-ஐத் துரத்தும்போது ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பின்னும் தட்டித் தட்டி இன்னும் 10 ரன் சேர்த்து 58-க்கு ஆல் அவுட் ஆகியிருந்தால், தோற்றும் +0.167. நீங்கள்தான் மேலே. 2024 மே 18-இல் பெங்களூருவுடன் அவர்கள் ஊரிலேயே நடந்த ஐபிஎல் மேட்சில் சென்னைக்கும் இதே நிலைமைதான். எதிரணி 218, 201 எடுத்தால் தோற்றாலும் பிளே ஆஃப் உறுதி. 191-இல் நின்றார்கள். இரு அணிக்கும் 14 புள்ளி, பெங்களூரு உள்ளே போனது.

இன்னொரு வழியும் இருந்தது. ஜெயித்த சேஸை 8 ஓவருக்குப் பதில் 6.4 ஓவரில், எட்டு பந்து முன்னதாக முடித்திருந்தாலும் அதே +0.167. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்: 6.4 என்றால் ஆறு ஓவர், நான்கு பந்து. கால்குலேட்டரில் 6.667 என்று போட வேண்டும். பக்கத்து ஊர் டீமின் கணக்கிலும் இதைச் சரிபாருங்கள்.

கமிட்டியிடம் விதித்தாளையும் கேளுங்கள். சில டோர்னமென்ட்டில் புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேர் ஜெயித்தவர் யார் என்று பார்ப்பார்கள், ரன் ரேட் அதன் பிறகுதான். அப்படி எழுதியிருந்து, அந்த டீமை நீங்கள் ஜெயித்தும் இருந்தால், உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது.