இறங்கினான், நிறுத்துகிறார்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் எழுதிய ஒரு கதையை வாசித்த நண்பர், ‘காலம் தடுமாறுகிறது, எல்லாவற்றையும் இறந்தகாலத்துக்கு மாற்று’ என்கிறார். எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது ‘போனா, பாத்தா’ என்று சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று ‘கதவத் தொறக்கா, உள்ள ஆளக் காணல’ என்பாள். அது எங்களுக்குத் தப்பாகவே தோன்றியதில்லை. நான் எழுதினால் மட்டும் ஏன் தப்பாகிறது? ஒரு பத்தியைக் கீழே தந்திருக்கிறேன்.

“ஏழு மணி இருக்கும். சுப்பையா சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கினான். பிளாட்பாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. மழை தூறிக்கொண்டிருக்கிறது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆட்டோ ஒன்றும் காணோம். டீக்கடைக்காரர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்துகிறார். ‘ஒங்க அய்யா...’ என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.”

மு., வீரவநல்லூர்

அன்புள்ள மு.,

நண்பர் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். பத்தியில் ஒரு இடம் தவறு. இன்னொரு இடத்தில் நீங்கள் சரியாகத் திரும்பிவிட்டு, பாதியிலேயே பயந்து ஓடி வந்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இருக்கும், இறங்கினான், இல்லை, தூறிக்கொண்டிருக்கிறது, வந்தான், காணோம், அடைத்துக்கொண்டிருந்தார், நிறுத்துகிறார், மூடிக்கொண்டார். தமிழில் காலத்தைச் சொல்லும் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வந்து உட்கார்கிறது. நடுவில் வரும் ‘வைத்துக்கொண்டு’, ‘ஆரம்பித்துவிட்டு’ போன்ற எச்சங்கள் எந்தக் காலத்தோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த ஒன்பது சொற்களைக் கேட்டாலே தடுமாற்றம் எங்கே என்று காது சொல்லிவிடும்.

தவறான இடம் மழைதான். அங்கே காலம் எப்படித் தவறியது தெரியுமா? அதற்கு முந்தின ‘இல்லை’யில்தான். ‘இல்லை’, ‘காணோம்’, ‘வரவில்லை’ எல்லாம் நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். அங்கே இறந்தகாலத்தின் பிடி தளர்ந்து, கை தானாக நிகழ்காலத்துக்கு வழுக்கிவிட்டது. ஆனால் மழை அங்கே வெறும் பின்னணி. அது நிகழ்காலத்துக்கு வந்து ஒன்றும் செய்யவில்லை, அடுத்த வாக்கியமே ‘வந்தான்’ என்று திரும்பிவிடுகிறது. ‘தூறிக்கொண்டிருந்தது’ என்றே இருக்கட்டும். முதல் வரியின் ‘இருக்கும்’ உத்தேசம் சொல்வது, அதில் குறையில்லை.

டீக்கடைக்காரர் கை நிற்கும் இடம் வேறு. கதை அங்கேதான் முறுகுகிறது. ஆச்சி கதவருகே வந்ததும் செய்தது இதைத்தான். அவளுக்குக் குரல் இருந்தது. அந்த இடத்தில் தாழ்த்தியிருப்பாள், உங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள். ‘தொறக்கா’ என்றதும், கதவு திறந்து உள்ளே யாரும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் அதிலேயே நின்றாள். நீங்கள் ஒரே வாக்கியம் நின்றுவிட்டு, உச்சத்தில் ‘மூடிக்கொண்டார்’ என்று பின்வாங்கிவிட்டீர்கள். திரும்பியது குற்றமில்லை, நிற்காததுதான் குற்றம்.

நன்னூலே இதற்கு இடம் தருகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் முக்காலமும் பிறழலாம் என்கிற அந்தச் சூத்திரம் ‘ஏற்புழி’ என்ற சொல்லோடு முடிகிறது. ஏற்ற இடத்தில் மட்டும்.

சரி, நான் எழுதினால் இப்படி:

“...பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆட்டோ ஒன்றும் காணோம். டீக்கடைக்காரர் கடையை அடைத்துக்கொண்டிருக்கிறார். இவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. ‘ஒங்க அய்யா...’ என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.”

உங்களை வழுக்கவிட்ட அதே வகைச் சொல்லை இங்கே வாசலாக வைத்திருக்கிறேன். ‘காணோம்’ இரண்டு காலத்துக்கும் பொது என்பதால் வாசகருக்குத் தடுக்காது. அப்புறம், ‘அவன்’ ‘இவன்’ ஆகியிருப்பதைக் கவனியுங்கள். காலம் கிட்டே வந்தால் சுட்டும் கிட்டே வரவேண்டும். ‘அங்கே’ என்பது ‘இங்கே’ ஆகும். வினையை மட்டும் மாற்றிவிட்டுச் சுட்டைத் தூரத்தில் விட்டால், ஏதோ ஒட்டவில்லை என்று வாசகர் உணர்வார், காரணம் அவருக்குப் பிடிபடாது.

முன்கதை சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். இறந்தகாலத்தில் போகிற கதையில் ‘அய்யா போன வாரம் போனில் பேசியிருந்தார்’ என்று எழுதலாம். நிகழ்காலத்துக்கு வந்தபின் வெறும் ‘பேசினார்’ போதும். அங்கே ‘பேசியிருந்தார்’ என்று எழுதினால் கதை தன்னையறியாமல் பழைய இடத்துக்கே நழுவிவிடும்.

வெளியே வருவதற்கும் அதே வாசல்தான். ஒரு வரி இடைவெளி விட்டு, ‘வீடு வரைக்கும் அவன் யாரிடமும் பேசவில்லை’ என்று தொடங்குங்கள். அடுத்த வாக்கியத்தில் மழை மறுபடி தூறிக்கொண்டிருந்தது என்று எழுதலாம்.