30 நாளில் 10 கிலோ: ஆன்லைன் யோகா பேட்ச்சை நம்பலாமா?

"வயது 46, எடை 74 கிலோ. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன், படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது. ஆன்லைன் யோகாவில் 30 நாளில் 10 கிலோ குறையும் என்கிறார்கள். முதல் டெமோ இலவசமாம். சேரலாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் ஆன்லைன் பேட்ச் நடத்துகிறேன். "போட்டியாளரைத் தட்டிவிட்டு உன் கடையை விரிக்கிறாயா" என்று கேட்கப்போகிறவர்கள் கீழே உள்ள கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. அதை 30 நாளுக்குப் பிரித்தால், சாப்பிடுவதைவிட நாளுக்குச் சுமார் 2,570 கலோரி அதிகமாகச் செலவழிக்க வேண்டும். உங்கள் எடையில் ஒரு மணி நேரம் நிதானமாக ஆசனம் செய்தால் செலவாவது சுமார் 185 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே 75 போகும், அதைக் கழித்தால் வகுப்பால் கிடைத்தது 110. வாரம் 5 நாள் செய்தால் 550. அதாவது, யோகாவை மட்டும் நம்பினால் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 14 வாரம். யோகாவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் முதுகுக்கும் அது செய்கிற நன்மை வேறு கணக்கு.

இதோடு தினமும் அரை மணி நேர நடையும், சாப்பாட்டில் 300 கலோரி குறைப்பும் சேர்ந்தால் 12 வாரத்தில் காகிதக் கணக்குப்படி 5 கிலோ வரும். கல்யாண விருந்து, காய்ச்சல், விடுபட்ட நாட்கள் எல்லாம் போக 3 அல்லது 4 கிலோவை எதிர்பார்க்கலாம். "முதல் வாரமே 2 கிலோ போச்சு" என்று காட்டுகிறார்களே, அதில் பெரும்பங்கு தண்ணீர். சோற்றையும் உப்பையும் திடீரென்று குறைத்தால் உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து கரையும். அதன் ஒவ்வொரு கிராமும் பிடித்துவைத்திருந்த சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே வெளியேறும். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும்.

அடுத்து, டெமோ. நூறு பேரைச் சேர்த்து நடத்தும் இலவச டெமோவில் உங்கள் முழங்காலை யாரும் பார்க்கப்போவதில்லை. ஜூமில் சாதாரண லேப்டாப் திரையில் ஒரு பக்கத்துக்கு 25 கட்டம்தான் தெரியும், போனில் நடத்துகிறவருக்கு இன்னும் குறைவு. பெயர் சொல்லித் திருத்த வேண்டுமென்றால் 12, 15 பேருக்கு மேல் கண் ஓடாது. ஆகவே டெமோவில் கவனிக்க வேண்டியது அவர் எவ்வளவு வளைகிறார் என்பதை அல்ல. வகுப்புக்கு முன்பே பிபி, சர்க்கரை, அறுவை சிகிச்சை, கண் நீர் அழுத்தம் பற்றிக் கேட்டாரா? உங்கள் கேமராவைச் சரிசெய்யச் சொன்னாரா? ஒரு தடவையாவது உங்கள் பெயரைச் சொல்லித் திருத்தினாரா? மூன்றும் இல்லையென்றால் யூடியூப் வீடியோவே போதும், காசாவது மிஞ்சும்.

கேமராவை இடுப்பு உயரத்தில், ஆறேழு அடி தள்ளி வையுங்கள். நேராகவும் நிற்காமல் முழுப் பக்கவாட்டிலும் நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள். நேராக நின்றால் முதுகு வளைவது தெரியாது, பக்கவாட்டில் நின்றால் முழங்கால் உள்ளே சரிவது தெரியாது.

உங்களைப் போன்ற ஒருவருக்கு முதல் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். தொடங்குவது நாற்காலியில். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் இடுப்பகலம், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மார்பை முன்னே சாய்த்து எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். 8 தடவை, ஓய்வு, இன்னொரு 8. பெரும்பாலானவர்களுக்குத் தப்பு நடப்பது உட்காரும்போதுதான். கடைசி நாலு விரற்கடையில் தொப்பென்று விழுவார்கள், முழங்கால்கள் ஒன்றை நோக்கி ஒன்று சரியும். தொடையும் பிட்டத்தின் பக்கத் தசையும் பலம் போதாததால் வருவது இது. அப்படி ஆனால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். சரியாக வந்த பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் தலையணையை எடுத்துவிடலாம்.

பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, நீட்டிய காலை மற்ற முழங்கால் உயரம் வரை தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்துங்கள். பக்கத்துக்கு 8. எண்ணுவதை வாய்விட்டு எண்ணச் சொல்வேன். மனதுக்குள் எண்ணுகிறவர்கள் தங்களை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார்கள், அந்த நேரத்தில் பிபி சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது.

கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் பர்வதாசனத்துக்குப் பதில் சுவரில் கை ஊன்றி, இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, முதுகு நேராகும் வரை பின்னால் நகருங்கள். தலை நெஞ்சுக்குக் கீழே போகக் கூடாது. வஜ்ராசனமும் மலாசனமும் இப்போதைக்கு வேண்டாம். வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மூக்குத் துளைகளில் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தியை, மூச்சை நிறுத்தாமல் 5 நிமிடம் செய்தால் போதும். சவாசனத்திலிருந்து வலப்பக்கம் ஒருக்களித்து, உட்கார்ந்து, அரை நிமிடம் கழித்து எழுந்திருங்கள். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். சில பிபி மாத்திரைகள் இதயத்துடிப்பை ஏற விடாது, அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

வலிக்கு அளவு: பத்துக்கு மூன்று வரை இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை படி இறங்கும்போது வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழங்கால் வீங்கினாலோ மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவர்தான், யோகா ஆசிரியர் அல்ல. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் வகுப்பை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு ஆற்றாமை, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. யோகா சொல்லித்தருகிறேன் என்று ஆள் சேர்த்துவிட்டு இரண்டாம் வாரம் மாவு டப்பா விற்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கப், மாதத்துக்கு இரண்டு டப்பா. எடை குறைந்தால் டப்பாவின் பெருமை, குறையாவிட்டால் நீங்கள் ஒழுங்காக வரவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் புரதப் பொடி கொடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என் பேட்ச் பற்றி: 12 பேர், வாரம் 5 நாள், 45 நிமிடம். மூன்று சோதனை வகுப்புகள் உண்டு. முதலாவது உங்களுக்கு மட்டும் 20 நிமிடம், நாற்காலியில் எழுந்து உட்காருவதையும் மூச்சையும் பார்க்க. மற்ற இரண்டும் பேட்ச்சோடு. அதன் பிறகுதான் கட்டணம். 12 வாரத்தில் தலையணை இல்லாமல் 15 தடவை எழுந்து உட்காருவது, கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் படி இறங்குவது, இவைதான் இலக்கு. வலி அறவே போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எடையைப் பொறுத்தவரை, மேலே போட்ட கணக்குதான். பிபி மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, எந்த யோகா ஆசிரியருக்கும் இல்லை. பிபி 180/110-ஐத் தொட்டவர்கள், சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரின் எழுத்துக் குறிப்போடு வந்தால்தான் பேசுவேன், சிலருக்கு நேர் வகுப்புதான் சரி என்று திருப்பியும் அனுப்புவேன். என்னிடமே சேர வேண்டும் என்றில்லை. எங்கே சேர்ந்தாலும் கடந்த ஒரு வாரத்தின் பிபி அளவுகளையும் மாத்திரைப் பெயர்களையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.