இரண்டு பேர் காணி, ஒருவர் கணக்கில் முழு ஆதாயம்: கேள்வி பதில்

வரிக் கணக்கு வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், காணி விற்றால் வரும் மூலதன ஆதாய வரி பற்றி வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

நுவரெலியா: நானும் மனைவியும் 2019இல் 20 பேர்ச் காணி வாங்கினோம். உறுதியில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் விற்று, 30 இலட்சம் ஆதாயத்துக்கு நானே 3 இலட்சம் வரி கட்டிவிட்டேன். இப்போது மனைவிக்கு வேறாகக் கேட்கிறார்கள். கட்டியாச்சுதானே?

நீங்கள் கட்டினீர்கள், அவர் கட்டவில்லை. சட்டத்தின் கண்ணுக்குக் கணவனும் மனைவியும் இரண்டு வரி செலுத்துநர்கள். கூட்டாக வைத்திருந்த சொத்தின் ஆதாயத்தை அவரவர் பங்கின்படி அவரவர் கணக்கில்தான் காட்ட வேண்டும். உங்கள் உறுதியில் பங்கு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமபங்கு என்றே வைத்துக்கொள்வோம்.

40 இலட்சத்துக்கு வாங்கி, முத்திரைக் கட்டணம், நொத்தாரிசு செலவு எல்லாம் சேர்த்து 2 இலட்சம் போயிருக்கும். விற்றது 74 இலட்சம், அதில் தரகருக்கு 2 இலட்சம் என்றால் ஆதாயம் 30 இலட்சம். ஆளுக்கு 15 இலட்சம். அப்போது தனிநபருக்கான வீதம் 10 என்பதால் ஆளுக்கு ஒன்றரை இலட்சம் வரி. (2025 ஏப்ரல் 1 முதல் விற்றவர்களுக்கு வீதம் 15, அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக்கூடாது.) அதாவது நீங்கள் ஒன்றரை இலட்சம் கூடக் கட்டியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி ஒன்றரை இலட்சம் கட்டாமல் இருக்கிறார். கூட்டினால் சரிதான், ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பதிவேட்டில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தானாக அழிக்காது.

நான் செய்கிற வரிசை இதுதான். முதலில் மனைவிக்கு டின் இலக்கம் எடுங்கள். பிறகு அவர் பெயரில் மூலதன ஆதாய வரி விபரத்திரட்டைப் போட்டு, 15 இலட்சம் ஆதாயத்தைக் காட்டி, வரியைக் கட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் உங்களுடையதைத் திருத்த வேண்டும். தலைகீழாகச் செய்து, முதலில் உங்கள் ஆதாயத்தைப் பாதியாக்கினால், மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்பார்கள். மனைவியின் விபரத்திரட்டு ஏற்கனவே உள்ளே இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இரண்டு திருத்தத்துக்கும் ஒரே கணக்குத்தாளை இணையுங்கள். வாங்கிய உறுதி, விற்ற உறுதி, செலவுப் பற்றுச்சீட்டுகள், நீங்கள் கட்டிய வரியின் சீட்டு எல்லாவற்றின் பிரதியும் இருக்கட்டும். கடிதத்தில் ஒரு டின்னிலிருந்து மற்றதற்கு ஆதாயம் ஏன் மாறுகிறது என்பதை நேராக எழுதுங்கள். அப்புறம் பலர் மறக்கிற இடம் ஒன்று இருக்கிறது. விற்றவுடன் போட்ட விபரத்திரட்டை மட்டும் திருத்தி, 2024/25 வருடாந்த விபரத்திரட்டில் பழைய 30 இலட்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டும் முரண்பட்டால் அடுத்த கடிதம் வரும்.

மனைவி பக்கம் வலி இருக்கும். விற்று ஒரு மாதத்துக்குள் போட வேண்டியதைப் போடவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 1.5 வீத வட்டி என்றால் மாதத்துக்கு 2250 ரூபாய். தண்டம் வேறு வரலாம். வரி உரிய நாளில் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது, பெயர்தான் தவறியது என்பதைக் காட்டித் தண்டத்தைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். நீங்கள் கூடக் கட்டியதை மனைவியின் கணக்குக்கு மாற்ற முடியுமா என்றால், ஒரு தடவை கேட்டபோது சரி என்றார்கள், இன்னொரு தடவை மீளளிப்புக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஆகவே மனைவியின் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

தலவாக்கலை: 6 இலட்சம் வரை வரி இல்லைதானே? நால்வர் பெயரில் பங்கு போட்டால் யாரும் கட்ட வேண்டாம் என்றார்கள்.

பாதிதான் சரி, அண்ணே. அந்த விலக்கில் இரண்டு நிபந்தனை. வருடத்து மொத்த ஆதாயம் 6 இலட்சத்தைத் தாண்டக்கூடாது என்பதோடு, அந்த விற்பனையின் ஆதாயமும் 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஒரு காணியை நான்காகப் பிரித்தாலும் ஒரு பங்கு 50,000க்குள் வருவது அபூர்வம். முதலாவதை மட்டும் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பண்டாரவளை: அப்பாவின் வீடு எனக்கும் தம்பிக்கும் சமபாதி. நான் கொழும்பில், தம்பி கடைசிவரை அதிலேயே இருந்தான். 2024இல் விற்று நானே முழுவதையும் காட்டி 3 இலட்சத்து 80 ஆயிரம் கட்டினேன். தம்பியும் அதே அளவு கட்ட வேண்டுமா?

இல்லை அக்கா, உங்கள் கதை வேறு. இங்கே திருத்தினால் குடும்பத்துக்கே பணம் மிஞ்சலாம்.

2017 செப்டம்பர் 30க்கு முன்பிருந்தே உங்கள் கையில் இருந்த சொத்து என்றால் அன்றைய சந்தை விலைதான் ஆரம்ப விலை. மதிப்பீட்டாளர் 60 இலட்சம் என்று அறிக்கை தந்து, ஒரு கோடிக்கு விற்று, 2 இலட்சம் செலவு போனால் 38 இலட்சம் ஆதாயம். ஆளுக்கு 19 இலட்சம். உங்கள் பாதிக்கு 1 இலட்சத்து 90 ஆயிரம்.

தம்பிக்கு அது பிரதான வசிப்பிடம். விற்பதற்கு முன் மூன்று வருடம் தொடர்ச்சியாக உரிமையாளராக இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் அங்கே வசித்திருந்தால், இலங்கையில் வதிகிற ஒருவருக்கு அந்த ஆதாயத்தில் வரி விலக்கு உண்டு. நாட்கணக்கில் பார்ப்பார்கள், ஆகவே இடையில் சில மாதம் வெளியூரில் இருந்ததால் கெட்டுவிடாது. உங்களுக்கு அது வசிப்பிடம் இல்லாததால் அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. வரியே இல்லாத தம்பியின் பங்குக்கும் நீங்கள் வரி கட்டிவிட்டீர்கள்.

தம்பியின் பங்கை அவர் விபரத்திரட்டில் விலக்காகக் காட்டுங்கள், காட்டாமல் விடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல் சேர்த்து வையுங்கள். வீட்டைச் சுற்றிப் பெரிய மரக்கறித் தோட்டம் இருந்ததா? அதையும் வசிப்பிடத்தோடு சேர்ப்பதா என்பதில் அதிகாரி கேள்வி எழுப்பலாம். அதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஹட்டன்: என் கணவர் பெயரில் மட்டும்தான் உறுதி. ஆனால் பாதிக் காசு என்னுடையது. நாங்களும் இரண்டாகப் பிரித்துத் திருத்தலாமா?

உறுதி சொல்வதே பங்கு. காசு நீங்கள் கொடுத்ததை மட்டும் வைத்துப் பாதியை உங்கள் கணக்குக்கு எடுக்க முடியாது. விற்ற பிறகு எழுதுகிற ஒப்பந்தமும் உதவாது. உங்கள் வீட்டில் திருத்த ஒன்றுமில்லை.

நானுஓயா: நானும் அண்ணனும் சேர்ந்து கடை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இதுவும் இப்படியா?

அது மூலதன ஆதாயம் இல்லை, வாடகை வருமானம், ஆனால் பங்குபடி இருவரும் காட்ட வேண்டும் என்பது அங்கேயும்தான். கடையை விற்கும்போது இந்த மூலதன ஆதாயக் கணக்கு வரும், அப்போது கேளுங்கள்.