பிஓ இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பும் முன்

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஏப்ரலிலிருந்து "பிஓ இல்லையென்றால் பேமென்ட் இல்லை" என்று மேலிடத்தில் உத்தரவு. 7ஆம் தேதி சனிக்கிழமை இரவு கம்ப்ரஸர் நின்றுபோய், ஷிஃப்ட் இன்ஜினியர் போனில் ஆளைக் கூப்பிட்டு, ஞாயிறு விடியற்காலையில் சரிசெய்துவிட்டார்கள். 9ஆம் தேதி பில் வந்தது, ரூ.84,960. பிஓ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இன்றைக்கு 19ஆம் தேதி. வெண்டர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார், புரொடக்ஷன்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். நான் செய்தது சரியா? இப்படி அவசரம் என்று வரும் பில்களை எப்படிக் கையாள்வது?

பதில்: பாலிசிப்படி சரி. ஆனால் இந்தப் பில்லுக்கு அது பொருந்தாது. வெண்டர் உதயம் பதிவு உள்ள மைக்ரோ அல்லது ஸ்மால் நிறுவனமாக இருந்தால் (கம்ப்ரஸர் சர்வீஸ் செய்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான்), உங்கள் கையில் இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.

ஏன் நாலு நாள்? எம்எஸ்எம்இ சட்டம், 2006இல் 15ஆம் பிரிவைப் பாருங்கள். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு இருந்தால் அந்தக் கெடு, அதுவும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள். நம் ஊரில் 30 நாள், 45 நாள் என்று பேமென்ட் டெர்ம்ஸ் எங்கே எழுதியிருக்கும்? பிஓவில்தான். பிஓவே இல்லாத பில்லுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. ஆக, எந்தப் பில்லை நாம் தண்டனையாக நிறுத்தி வைக்கிறோமோ, அதற்குத்தான் சட்டத்தில் கெடு மிகக் குறைவு. வேலை 8ஆம் தேதி முடிந்தது என்றால் 23ஆம் தேதிக்குள் பணம் போயிருக்க வேண்டும்.

"நான்தான் பில்லைத் திருப்பிவிட்டேனே, ஏற்கவே இல்லையே" என்பீர்கள். வேலையிலோ பொருளிலோ குறை இருக்கிறது என்று டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால் அது வேறு. தெரிவிக்கவில்லையென்றால், டெலிவரி நடந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். பிஓ இல்லை என்பது உங்கள் உள்வீட்டு விவகாரம், அவர் செய்த வேலையின் குறை அல்ல. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. போதாததற்கு, 43பி(எச்) என்று எல்லோரும் பழகிவிட்ட விதிப்படி, கெடு தாண்டிய தொகையை எந்த வருடம் உண்மையில் கட்டுகிறீர்களோ அந்த வருடம்தான் செலவாகக் கழிக்க முடியும். வெண்டர் உதயம் பதிவு இல்லாதவர் என்றே வையுங்கள், அப்போதும் தப்ப முடியாது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவே சொல்கிறது. கம்ப்ரஸர் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அதனால் பிஓ இல்லாத பில் மேஜைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வேலை நடந்துவிட்டதா, இனிமேல்தானா?" என்பதுதான். இனிமேல்தான் என்றால் பேச்சே வேண்டாம், எவ்வளவு பெரிய ஆள் போன் போட்டாலும் திருப்பிவிடுங்கள். புரொஃபார்மாவைக் கொடுத்து "அட்வான்ஸ் இன்றே போட்டால்தான் லோடு ஏற்றுவார்" என்று வருவது பெரும்பாலும் இந்த ரகம். பிஓ போட அரை நாள் ஆகும், ஆகட்டும். வேலை முடிந்துவிட்டது என்றால் கடன் விழுந்துவிட்டது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை, ஒழுங்காகக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

எப்படிக் கொண்டுவருவது? பின்னால் போடும் பிஓ. அது பாவமில்லை. அதை முன்னால் போட்டது போல வேஷம் கட்டுவதுதான் பாவம்.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். ரூ.84,960 என்றால் வரிக்கு முன் 72,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12,960. அந்த 72,000 உதிரி பாகமான வால்வ் கிட் 54,000, லேபர் 12,000, ராத்திரி வந்ததற்கு 6,000 என்று பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஷிஃப்ட் இன்ஜினியரிடமிருந்து ஒரு மெயில் வாங்குங்கள். எத்தனை மணிக்கு நின்றது, யாரைக் கூப்பிட்டேன், திங்கள் வரை ஏன் காத்திருக்க முடியவில்லை என்று நாலு வரி போதும், ஆனால் அவரே எழுத வேண்டும். அதற்கு ஒப்புதலை வழக்கமாகக் கையெழுத்துப் போடுபவருக்கு ஒரு படி மேலே உள்ளவர் தரட்டும். அந்த ஒரு படிதான் இங்கே பாலிசியின் பல். பிளான்ட் ஹெட்டிடம் மாதம் மூன்று தடவை போய் நிற்க யாருக்கும் பிடிக்காது.

அடுத்தது வேலை நடந்ததற்கான சாட்சி. கேட் ரிஜிஸ்டரில் டெக்னீஷியன் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இருக்கும். சர்வீஸ் ரிப்போர்ட்டில் இன்ஜினியர் கையெழுத்து இருக்கும். கழற்றிய பழைய வால்வ் கிட் ஸ்டோர்ஸுக்கு வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய பாகம் வரவில்லையென்றால் புதுசு உண்மையில் மாட்டப்பட்டதா என்பதே சந்தேகம்தான்.

அப்புறம் விலை. பிஓ முன்கூட்டியே இருந்தால் பர்ச்சேஸ் பேரம் பேசியிருப்பார்கள், இங்கே அது விட்டுப்போயிற்று. வேலை முடிந்துவிட்டதே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். அதே வால்வ் கிட்டைப் போன வருடம் 46,000க்கு வாங்கியிருந்தால் இப்போது ஏன் 54,000 என்று பர்ச்சேஸ் கேட்கட்டும். பேசி 4,000 குறைத்தார் என்று வைத்துக்கொண்டால், வரியோடு 4,720க்கு கிரெடிட் நோட் வாங்கிக்கொண்டு 80,240 கொடுக்கலாம். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் சண்டையில்லாத பகுதியை 23ஆம் தேதிக்குள் அனுப்பிவிட்டு, தகராறு உள்ள தொகைக்கு மட்டும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அதுவும் 15 நாளுக்குள்.

பிஓவில் தேதி என்ன போடுவது? இன்றைய தேதி. "7ஆம் தேதி இரவு நடந்த அவசர ரிப்பேருக்காக, வேலை முடிந்தபின் போடப்பட்டது" என்று டெக்ஸ்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எஸ்ஏபியில் பிஓவுக்குப் பழைய தேதி போட முடியும் என்பதால் பலருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தப் பிஓ எந்த நாளில் உருவாக்கப்பட்டது என்பதைச் சிஸ்டம் தனியாக வைத்திருக்கிறது, ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் இருந்தே ஆகவேண்டும் என்பது 1-4-2023 முதல் விதி. தாமதமான பிஓவுக்கு ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்பார், பொய்த் தேதி போட்ட பிஓவுக்கு ஒன்பது கேட்பார்.

பிஓ நம்பர் போட்ட புது பில் கொண்டுவா என்று வெண்டரை அலையவிடாதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில்லில் இருக்க வேண்டிய விவரங்களில் பிஓ நம்பர் கிடையாது. இ-இன்வாய்ஸ் என்றால் 24 மணி நேரத்துக்குப் பிறகு அவர் அதை ரத்து செய்யவும் முடியாது. வந்த பில்லிலேயே பிஓ நம்பரை ஸ்டாம்ப் அடித்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஜிஎஸ்டி நம்பர் தப்பாக இருந்தால் மட்டும் திருப்புங்கள்.

இனி, பலர் சறுக்கும் இடம். அவசரம் என்று `FB60`இல் நேரடியாகப் பில்லைப் போட்டுப் பணத்தை அனுப்பிவிட்டு, "பிஓவை அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்பார்கள். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் அப்படித்தான் ஆனது. பணம் போனது. பத்து நாள் கழித்து பர்ச்சேஸ் பிஓ போட்டது, ஸ்டோர்ஸ் ஜிஆர்என் போட்டது, இன்னொரு பையன் அதே பில்லை `MIRO`வில் போட்டான், பணம் மறுபடியும் போனது. டூப்ளிகேட் செக் ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தால், முதலாமவர் பில் நம்பரை 0212/25-26 என்று அடித்திருக்கிறார், இரண்டாமவர் வெறும் 212. சிஸ்டத்துக்கு அவை இரண்டு பில். வெண்டர் நல்ல மனுஷர், அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே ஒரே பாதை: முதலில் பிஓ, பிறகு ரசீது என்ட்ரி, பிறகு `MIRO`. இந்த மூன்றையும் ஒரே மதியத்தில் முடிக்கலாம், சம்பந்தப்பட்ட மூன்று பேரும் சீட்டில் இருந்தால்.

அவசரப் பில்லைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஏமாற்றுக்காரனும் "அவசரம்" என்று சொல்லித்தான் வருவான். எம்டி பெயரில் மெயில், பிஓ இல்லை, பேங்க் அக்கவுண்ட் நம்பர் புதுசு, மாலை நாலரை மணி. அந்த மெயிலிலோ பில்லிலோ உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், வெண்டர் மாஸ்டரில் ஏற்கனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அக்கவுண்ட் மாற்றமும் பிஓ இல்லாத பில்லும் ஒரே நாளில் வந்தால் அன்றைக்குப் பணம் போகக்கூடாது, எம்டியே நேரில் வந்து நின்றாலும். நின்றால் அவரிடமே கேட்டுவிடலாம், அது வேறு விஷயம்.

அடுத்த சனிக்கிழமை இரவும் ஏதாவது நிற்கும். அதற்கு இப்போதே கம்ப்ரஸர், ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் என்று அடிக்கடி படுத்துபவற்றுக்கு ஒரு வருட பிளாங்கெட் பிஓ போடச் சொல்லுங்கள். உதாரணமாக வருடத்துக்கு மூன்று லட்சம், ஒரு தடவைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, விசிட் சார்ஜும் லேபர் ரேட்டும் முன்பே பேசியது, பேமென்ட் கெடு எழுத்தில். அந்த நம்பரைச் செக்யூரிட்டி கேபினில் ஒட்டிவிட்டால் டெக்னீஷியன் உள்ளே வரும்போதே கேட் என்ட்ரியில் எழுதிவிடுவார்கள். கரண்ட் பில், வாடகை, டெலிபோன், அரசுக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் பிஓ கேட்டு நேரத்தை வீணாக்காமல் விலக்குப் பட்டியல் என்று தனியாக ஒரு பக்கம் எழுதி எம்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டியலில் "இதர செலவுகள்" என்று ஒரு வரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் எல்லாமே அதற்குள் நுழைந்துவிடும்.

மாதக் கடைசியில் `FBL1N`ஐ ஓட்டிப் பாருங்கள். டாக்குமென்ட் டைப் `RE` என்றால் பொதுவாகப் பிஓ வழியாக வந்தது, `KR` என்றால் நேரடியாகப் போட்டது. விலக்குப் பட்டியலில் இல்லாத `KR`களையும், பில் தேதிக்குப் பின்னால் போட்ட பிஓக்களையும் சேர்த்து, எந்த டிபார்ட்மென்ட், யார் கூப்பிட்டது, எவ்வளவு என்று மட்டும் எழுதி பிளான்ட் ஹெட்டுக்கு அனுப்புங்கள். திட்டு விழ வேண்டிய இடம் அது, வாசலில் நிற்கும் வெண்டர் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் 48,000, 49,500 என்று லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பில் இருந்தால் அந்த வரியை மட்டும் மஞ்சளில் போடுங்கள்.

இப்போதைக்கு ஷிஃப்ட் இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்த நாலு வரி மெயிலைக் கேளுங்கள். வெண்டரிடம் உதயம் சர்டிஃபிகேட் நகலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மாஸ்டரில் ஏற்ற வேண்டியிருக்கும்.