அறிக்கையில் போடும் சார்ட்டைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்ப்பவருக்கும் புரிய, தலைப்பு, அலகு, ஆதாரம் எப்படி எழுத வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்போர் குழுவின் தண்ணீர் அறிக்கைக்கு நான்தான் சார்ட் போட்டேன். இரண்டு சார்ட்டுகளுக்கு 'பெங்களூரு மக்கள்தொகை, 2011' என்று ஒரே தலைப்பு. ஒன்றில் 96 லட்சம், மற்றதில் 84 லட்சம். யாரோ இரண்டையும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட, "12 லட்சம் பேர் எங்கே போனார்கள்?" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

இரண்டு எண்ணும் சரிதான். 96,21,551 பேர் என்பது பெங்களூரு நகர மாவட்டம். 84,43,675 பேர் என்பது மாநகராட்சி எல்லை. அந்த வேறுபாட்டை நான் பத்தியில் எழுதியிருந்தேன். படத்தில் எழுதவில்லை.

அதனால் எந்த எல்லை, எந்த ஆண்டு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். 'பெங்களூரு நகர மாவட்டத்தில் மக்கள்தொகை 2001 முதல் 2011 வரை 47 சதவீதம் உயர்ந்தது' என்றால் போதும். அதில் 'வேலை தேடி வந்தவர்களால்' என்று சேர்க்காதீர்கள். மொத்த மக்கள்தொகை எண் காரணத்தைச் சொல்லாது.

தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் அலகு: 'லட்சம் பேர்'. முதலில் நான் அச்சின் ஓரத்தில் செங்குத்தாக 'ஆயிரங்களில்' என்று போட்டிருந்தேன். போனில் அது கண்ணில் படாததால் 9,622 என்பதைப் பலர் அப்படியே ஒன்பதாயிரம் பேர் என்று படித்தார்கள். இப்போது பட்டைகளின் மேலேயே 65.4, 96.2 என்று எழுதுகிறேன்.

ஆதார வரியில் 'அரசுத் தரவு' என்று மட்டும் போட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. 'ஆதாரம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001, 2011, பெங்களூரு நகர மாவட்டம்' என்று எழுதினால், தேடுபவருக்கு எதைத் திறக்க வேண்டும் என்று தெரியும். எல்லை மாறியிருந்தால் அதற்கும் அங்கேயே ஒரு வரி வேண்டும். மாநகராட்சிக் கணக்கு 2001-ல் சுமார் 43 லட்சம், 2011-ல் 84 லட்சம். பத்தே ஆண்டில் இரண்டு மடங்கு போலத் தெரியும். ஆனால் 2007-ல் சுற்றியிருந்த நகராட்சிகளும் 110 கிராமங்களும் மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்தக் குறிப்பு இல்லாத சார்ட்டை நான் வெளியே அனுப்ப மாட்டேன்.

அப்புறம், எக்செலில் செய்பவர்களுக்கு ஒன்று. தலைப்பையும் ஆதாரத்தையும் சார்ட்டுக்கு வெளியே செல்லில் எழுதினால், சார்ட்டைப் படமாக நகலெடுக்கும்போது இரண்டும் விட்டுப்போகும். முதலில் சார்ட்டை கிளிக் செய்துவிட்டு, பிறகு டெக்ஸ்ட் பாக்ஸ் சேருங்கள். அப்போதுதான் அது சார்ட்டுக்குள் இருக்கும், கூடவே போகும்.

முடித்ததும் அறிக்கையைப் படிக்காத ஒருவருக்குப் படத்தை மட்டும் அனுப்பி, "இது எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை பேர், யார் எடுத்த கணக்கு?" என்று கேளுங்கள். நான் அண்ணாச்சிக்குத்தான் அனுப்புகிறேன். அவர் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்துகிறேன்.