நடுவில் வெள்ளைக் கோடு: ரிப்பனா, பின்னா?

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து மூன்று காப்பி பில் போடுகிறோம். எழுத்து மங்கியதால் புது ரிப்பன் மாட்டினேன். இப்போது எழுத்து கருப்பாக வருகிறது, ஆனால் எல்லா எழுத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. 8 எது, 0 எது என்றே தெரியவில்லை. ஹெட் போய்விட்டதா, ரிப்பனைத் தப்பாக மாட்டிவிட்டேனா?

பதில்: எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு பில்லின் மூன்று தாள்களையும் பிரித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் தாளில் மட்டும்தான் ரிப்பன் மை படுகிறது. இரண்டாவது, மூன்றாவது தாளில் விழுவது கார்பனின் மை. அங்கே பதிவது பின் அடித்த அடிதான். அதனால் வெள்ளைக் கோடு முதல் தாளில் மட்டும் இருந்து, கார்பன் காப்பிகளில் எழுத்து முழுசாக இருந்தால் குற்றம் ரிப்பன் பக்கம். கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் பின் அடிக்கவில்லை என்று அர்த்தம். முதல் தாள் நன்றாக இருந்து கடைசிக் காப்பி மட்டும் மங்கலாக இருக்கிறதா? அது இரண்டும் இல்லை. தாளின் தடிமனுக்கு ஏற்ப ஹெட்டைத் தள்ளிவைக்கும் லிவர் ஒரு படி அதிகமாக விலகியிருக்கும், இல்லாவிட்டால் கார்பன் பழசு.

ரிப்பன்தான் என்றால் மறுபடி மாட்டிவிடலாம். பவரை நிறுத்துங்கள். இப்போதுதான் பில் அடித்திருந்தால் ஹெட் கை சுடும், கொஞ்சம் பொறுங்கள். ஹெட்டைக் கையால் நடுவுக்குத் தள்ளி, கார்ட்ரிட்ஜின் இரு பக்கமும் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்தான். ஹெட்டின் முன்னால் நடுவில் துளையுள்ள ஒரு மெல்லிய தகடு இருக்கும். ரிப்பன் அந்தத் தகட்டுக்கும் பின்களுக்கும் நடுவே போக வேண்டும், மடிப்போ முறுக்கோ இருக்கக் கூடாது. பிறகு கார்ட்ரிட்ஜின் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பித் தொய்வை எடுங்கள். ஹெட்டை இரண்டு ஓரத்துக்கும் தள்ளிப் பாருங்கள். எங்கும் சிக்கக் கூடாது. ரிப்பன் மடிந்திருந்தால் பெரும்பாலும் எழுத்தின் மேல்பாதியோ கீழ்பாதியோ மங்கும். நீங்கள் சொல்வதுபோல் நடுவில் ஊசி இழுத்த மாதிரி ஒரே கோடு என்றால் எனக்குப் பின் மீதுதான் சந்தேகம்.

அதை உறுதி செய்ய செல்ஃப் டெஸ்ட் போடுங்கள். எப்சன் எல்எக்ஸ் 310 என்றால் LF/FF பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் டிராஃப்ட் எழுத்தில் அடிக்கும். டிராஃப்டில்தான் பார்க்க வேண்டும். NLQ என்ற நேர்த்தியான எழுத்தில் பிரிண்டர் தாளைச் சற்றே நகர்த்தி இரண்டாவது முறையும் அடிப்பதால், இல்லாத பின்னின் இடம் பாதி மறைந்துவிடும். சாதாரணமாகப் பெரிய எழுத்தும் எண்ணும் மேலிருந்து ஏழு பின்களால் வருகின்றன. நான்காவது பின் போனால் E-யின் நடுக்கோடும் 8-இன் இடுப்பும் காணாமல் போகும். 8 உங்களுக்கு 0 போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். g, p, y எழுத்துகளின் வால் இல்லை என்றால் அடியில் உள்ள பின்களைச் சந்தேகிக்க வேண்டும். விலை, வரி எண் எல்லாம் அடிக்கும் பில்லில் இதோடு ஓட்டாதீர்கள்.

கோடு வரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வரியின் ஒரு பாதியில் மட்டும் இருந்தாலோ, வந்து வந்து மறைந்தாலோ, ஹெட்டுக்குப் போகும் பட்டையான கேபிள் மடிந்து மடிந்து விட்டுப்போயிருக்கலாம். கேபிள் ஹெட்டைவிட மலிவு, அதை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முழுவதும் கோடு என்றால், பின் உடையாமல் மைக்கசடில் ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஹெட் முகத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். ஊசியால் குத்த வேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் ஹெட் மாற்ற வேண்டும், அல்லது பின் மாற்றித் தரும் கடையில் கொடுக்க வேண்டும். பழைய ரிப்பனையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ, ரீஃபில் ரிப்பனின் ஒட்டு மேடாக இருந்தாலோ பின் அதில் மாட்டி உடைந்திருக்கும். சிலர் செலவு மிச்சம் என்று காய்ந்த ரிப்பனில் ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றுவார்கள். ரிப்பனில் இருப்பது எண்ணெய் கலந்த மை, அது பின்னுக்கு வழவழப்பும் தருகிறது. ஸ்டாம்ப் பேட் மைக்கு அந்தக் குணம் இல்லை.

புது ஹெட் மாட்டும் முன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: பழைய ஹெட்டில் பின்னுக்கு ஒன்றாக இருக்கும் ஒன்பது காயிலையும் மல்டிமீட்டரில் அளந்தாரா? ஒன்பதும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் காயிலில் கோளாறு இல்லை, பின்தான் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் கருகி வேறு அளவு காட்டினால், அந்தப் பின்னை இயக்கும் போர்டு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதைப் பார்க்காமல் மாட்டினால் புது ஹெட்டிலும் அதே காயில் கருகும்.